முதலாண்டுப் படிப்புக்கு லேப்டாப்பா, கீபோர்டு வைத்த டேப்லெட்டா? வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கல்லூரி திறக்க மூன்று வாரம் இருக்கும்போதே நான் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் அதற்கான கீபோர்டும் வாங்கிவிட்டேன். எடை குறைவு, பேனாவால் எழுதலாம், சார்ஜ் நாள் முழுக்க நிற்கும், பார்த்த லேப்டாப்பைவிட விலையும் குறைவு. முதல் மூன்று வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. நான்காவது வாரம் புள்ளியியல் பாடத்துக்கு ஒரு விரிதாள் வந்தது. திறந்தேன், திறந்தது. எண்களை நிரப்பினேன், நிரம்பின. கடைசியில் பக்கத்தின் ஓரத்தில் 'கணக்கிடு' என்று ஒரு சாம்பல் நிறப் பொத்தான் இருந்தது. அதைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்தி கூட வரவில்லை.

ஃபைல் கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடி இறக்கினேன், டேப்லெட்டை அணைத்துப் போட்டேன், ஆப்பை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். மூன்று மணி நேரம் போனது. கடைசியில் விடுதியில் பக்கத்து அறை நண்பனின் பழைய லேப்டாப்பில் அதே ஃபைலைத் திறந்து பத்து நிமிடத்தில் முடித்தேன். அந்தப் பருவம் முடிவதற்குள் நானும் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்க வேண்டியதாயிற்று. முதலிலேயே ஒரு வாரம் பொறுத்து, நாலு பேரிடம் கேட்டிருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. நீங்கள் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், கடையில் எதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதை நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். டேப்லெட் போலத் தோன்றினாலும் உள்ளே முழு விண்டோஸ் ஓடும் கருவிகள் உண்டு. கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட், மாட்டினால் லேப்டாப். எந்த சாஃப்ட்வேர் ஓடும் என்ற கேள்வியில் அவை லேப்டாப் கணக்கில்தான் சேரும். இங்கே நான் டேப்லெட் என்று சொல்வது ஆண்ட்ராய்டிலோ ஐபேடோஎஸ்ஸிலோ ஓடுபவற்றை மட்டும்.

## 1. வாங்கும் முன் மூன்று தாள்களைக் கையில் எடுங்கள்

முதல் தாள், முதல் இரண்டு பருவங்களின் பாடத்திட்டம். முதல் பருவத்தோடு நிறுத்தாதீர்கள். முதல் பருவத்தில் பெரும்பாலும் மொழிப்பாடமும் அடிப்படைப் பாடங்களும் வரும். அவற்றை எந்தக் கருவியிலும் படிக்கலாம். சாஃப்ட்வேர் கேட்கும் பாடங்கள் பல இரண்டாம் பருவத்தில்தான் தலைகாட்டும். 'ஆய்வகம்', 'செய்முறை', 'வரைபடம்', 'தரவுப் பகுப்பாய்வு' என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் கோடு போடுங்கள்.

இரண்டாவது தாள், ஆய்வகக் கணினிகளில் நிறுவியிருக்கும் சாஃப்ட்வேர் பட்டியல். இது பல நேரம் எழுத்தில் இருக்காது. ஆய்வக உதவியாளரிடம் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேராசிரியரைவிட அவருக்குத்தான் எந்தப் பதிப்பு, எந்த நாளில் எது ஓடவில்லை என்பதெல்லாம் தெரியும். அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வகுப்பு முடிந்தபிறகு ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? மாலையிலும் விடுமுறை நாளிலும் தாராளமாகத் திறந்திருந்தால் கனமான சாஃப்ட்வேரை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டேப்லெட் வாங்குவதற்கு அது ஒரு நல்ல காரணம். வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்திருந்தால் அந்தக் காரணம் போய்விட்டது.

மூன்றாவது தாள், கணினியில் எழுதும் தேர்வுக்கான விதி. இதைப் பலரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. சில பாடங்களில் வாராந்திரத் தேர்வைக்கூட உங்கள் சொந்தக் கருவியில், பூட்டப்பட்ட ஓர் உலாவிக்குள் எழுதச் சொல்வார்கள். தேர்வு முடியும் வரை வேறு எந்த ஆப்பையும் திறக்க முடியாது. அந்த உலாவி எந்தக் கருவியில் ஓடும் என்பது முக்கியம். பரவலாகப் பயன்படும் இரண்டைச் சொல்கிறேன். சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐபேடில் ஓடும். ரெஸ்பாண்டஸ் லாக்டவுன் பிரவுசர் விண்டோஸ், மேக், குரோம்புக்கில் ஓடும். ஐபேடில் ஓட வேண்டுமானால் ஆசிரியர் அந்தத் தேர்வுக்கு அனுமதி கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு இரண்டுமே இல்லை. உங்கள் துறையில் இவற்றில் ஒன்று நடைமுறையில் இருக்கிறது என்றால், ஆண்ட்ராய்டு டேப்லெட்டை மட்டும் நம்பி முதலாண்டை ஓட்ட முடியாது. அந்த இடத்திலேயே முடிவு பாதி எடுத்தாயிற்று.

## 2. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் மூன்றில் ஒரு பெட்டியில் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி, இதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் வரையுங்கள். முதலாவது, 'டேப்லெட்டில் முழுதாக ஓடும்'. இரண்டாவது, 'உலாவியில் ஓடும், நெட் வேண்டும்'. மூன்றாவது, 'ஓடவே ஓடாது'. மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு பெயர் விழுந்தாலும், அது வாரா வாரம் தேவைப்படும் பெயர் என்றால், லேப்டாப் வாங்குங்கள். டேப்லெட்டின் மற்ற பத்து நன்மைகளும் அந்த ஒன்றை ஈடுகட்டாது.

இதில் பெரிய பொறி என்னவென்றால், ஒரே பெயரில் இரண்டு சாஃப்ட்வேர் இருக்கும். ஆப் ஸ்டோரில் அதே பெயர், அதே சின்னம் தெரியும். 'இருக்கிறதே' என்று நாம் டிக் போட்டுவிடுவோம். உள்ளே இருப்பது வேறு.

எக்செலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வணிகவியல், பொருளியல், உளவியல், அறிவியல் என்று எந்தத் துறையானாலும் அது வரும். டேப்லெட் எக்செலில் கூட்டல், சராசரி, சூத்திரம், சாதாரண வரைபடம் எல்லாம் நன்றாகவே நடக்கும். ஆனால் மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள் எழுதி வைத்த சிறு நிரல், ஓடாது. ஃபைலின் பெயர் `.xlsm` என்று முடிந்தால் அதற்குள் மேக்ரோ இருக்கிறது என்று பொருள். அது திறக்கும், எண்களும் தெரியும், ஆனால் பொத்தான்கள் செத்துக் கிடக்கும். உலாவியில் திறக்கும் எக்செலிலும் அதே கதைதான். அதேபோல் ரிக்ரஷன், அனோவா போன்ற புள்ளியியல் கணக்குகளுக்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் `Analysis ToolPak` என்ற துணைக்கருவி கணினி எக்செலில் மட்டுமே கிடைக்கும். ஆகவே ஆசிரியரிடம் 'எக்செல் வேண்டுமா' என்று கேட்காதீர்கள். 'மேக்ரோ உள்ள ஃபைல் தருவீர்களா, டூல்பேக் பயன்படுத்துவோமா' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் பயனுள்ள பதில் வரும்.

வேர்டில் வேறு மாதிரிச் சிக்கல். மைக்ரோசாஃப்ட்டின் மொபைல் ஆப்கள் 10.1 அங்குலம் வரை உள்ள திரையில் இலவசமாகத் திருத்த விடும். அதற்கு மேல் போனால் சந்தா கேட்கும். கீபோர்டோடு வரும் டேப்லெட்டுகள் பெரும்பாலும் 11 அங்குலம் அல்லது அதற்கு மேல். கல்லூரி மின்னஞ்சலோடு ஆபிஸ் உரிமம் கிடைக்கிறதா, அது வெறும் உலாவிப் பதிப்பா, நிறுவிக்கொள்ளும் பதிப்பா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சந்தாவைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

துறை வாரியாகச் சுருக்கமாகச் சொன்னால்: பொறியியல் வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸ், கட்டட வடிவமைப்புக்கான ரெவிட் இரண்டும் விண்டோஸில் மட்டும் நிறுவப்படுபவை, மேக் லேப்டாப்பிலும் நேரடியாக ஓடாது. ஆட்டோகேட் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு. டேப்லெட்டுக்கு வருவது வரைபடத்தைப் பார்க்கவும் சிறிது திருத்தவும் போதுமான இலகுப் பதிப்பு. புள்ளியியலுக்கான எஸ்பிஎஸ்எஸ் கணினிக்கு மட்டும். கணிதக் கணக்கீட்டுக்கான மேட்லேப் உலாவியிலும் கிடைக்கிறது, முழுப் பயன்பாட்டுக்கு உரிமம் வேண்டும், அதைக் கல்லூரி தருகிறதா என்று கேளுங்கள். பைத்தானை உலாவியில் நோட்புக் எனப்படும் பக்கத்தில் எழுதி ஓட்டலாம்; முதல் பருவத்துச் சின்னச் சின்ன நிரல்களுக்கு அது போதும். ஆனால் பல ஃபைல்கள் சேர்ந்த புராஜெக்ட், டீபக்கர், டெர்மினல் என்று பாடம் நகரும்போது டேப்லெட்டில் ஒவ்வொன்றுக்கும் சுற்றுவழி தேட வேண்டியிருக்கும். கணினி அறிவியல் மாணவர் யாராவது என்னிடம் கேட்டால் யோசிக்காமல் லேப்டாப் என்பேன். மூன்று தாள்களைக்கூடப் பார்க்கத் தேவையில்லை.

இரண்டாவது கட்டத்தில், அதாவது உலாவியில், நிறையப் பெயர்கள் விழுந்தால் விடுதியிலும் வகுப்பிலும் வைஃபை எப்படி என்று பாருங்கள். எங்கள் விடுதியில் இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இணைவார்கள். உலாவியில் ஓடும் நோட்புக் அப்போது பாதியில் அறுந்துவிடும்.

## 3. திரையை அங்குலத்தில் பார்க்காதீர்கள், ஏ4 தாளில் பாருங்கள்

11 அங்குலத்துக்கும் 14 அங்குலத்துக்கும் வித்தியாசம் மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். படிப்பு வேலையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஏ4 அளவு பிடிஎஃப். ஏ4 தாளின் மூலைக்கு மூலை அளவு சுமார் 14.3 அங்குலம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகிறது.

11 அங்குல டேப்லெட்டை நெடுக்காகப் பிடித்து ஒரு பக்கத்தை முழுதாகப் பார்த்தால், அது நிஜ அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு தெரியும். வாசிக்க இது தாராளம். ஒரே பக்கத்தை நெடுக்காக வாசிப்பதில் சாதாரண லேப்டாப்பே டேப்லெட்டிடம் தோற்கும், ஏனென்றால் அதன் திரை அகலமாகப் படுத்திருக்கிறது.

ஆனால் கட்டுரை எழுதும்போது ஒரு பக்கம் பிடிஎஃப், மறுபக்கம் நீங்கள் எழுதும் ஆவணம் என்று திரையை இரண்டாகப் பிரிப்பீர்கள். கீபோர்டு மாட்டிய டேப்லெட் படுக்கையாக நிற்கும். அப்போது ஒவ்வொரு பாதியும் ஏறக்குறைய நாலரை அங்குல அகலம்தான் இருக்கும். 8.27 அங்குல அகலமுள்ள ஏ4 பக்கம் அதற்குள் பாதிக்குச் சற்று மேலான அளவாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து கண்ணுக்கு ஆறரைப் புள்ளி போலத் தெரியும், மருந்து அட்டையின் பின்னால் இருக்கும் எழுத்து மாதிரி. 14 அங்குல லேப்டாப்பில் பாதித் திரை ஏறக்குறைய ஆறு அங்குலம். அதே 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகத் தெரியும். சிறியதுதான், ஆனால் வாசிக்க முடியும்.

லேப்டாப் வாங்கும் முன் டேப்லெட்டில்தான் வாரம் ஒரு கட்டுரை எழுதினேன். பிரித்த திரையில் பிடிஎஃபைப் பெரிதாக்கி, இடதும் வலதுமாக நகர்த்தி நகர்த்தி வாசித்து, மறுபக்கம் வந்து தட்டச்சு செய்வேன். ஒரு மணி நேரத்தில் கண்ணும் கழுத்தும் வலிக்கத் தொடங்கிவிடும். எழுத்து வேலை அதிகம் உள்ள படிப்பு என்றால் இந்தப் படியை லேசாக எடுக்காதீர்கள். 13 அங்குல டேப்லெட் இதைப் பெருமளவு தீர்க்கும், ஆனால் அதற்குக் கீபோர்டும் சேர்த்தால் விலை நல்ல லேப்டாப்பைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும்.

## 4. கடையில் ஒரு நாள் வேலையை ஒத்திகை பாருங்கள்

காட்சிக்கு வைத்த கருவியில் வீடியோ ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து தட்டச்சு செய்யுங்கள். உங்கள் பாடக்குறிப்பிலிருந்து ஒரு பத்தியை அப்படியே அடியுங்கள். சிறிய கீபோர்டுகளில் விசைகள் நெருக்கமாக இருக்கும். சிலவற்றில் `Esc` விசையே இருக்காது, சிலவற்றில் அம்புக்குறிகள் பாதி அளவில் இருக்கும். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகும் தப்பு குறையவில்லை என்றால் அந்தக் கீபோர்டு உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை.

அடுத்து, கருவியை மடியில் வைத்துப் பாருங்கள். அப்புறம் குறுகிய மேசையில். வகுப்பறையில் நாற்காலிக் கையோடு மடங்கி வரும் சின்னப் பலகை இருக்குமே, அதுதான் இதற்கான உண்மையான சோதனை. லேப்டாப்புக்கு அதன் அடிப்பகுதி அளவு இடம் போதும். பின்னால் தாங்கு வைத்து நிற்கும் டேப்லெட்டுக்குக் கீபோர்டின் ஆழமும், அதற்குப் பின்னால் தாங்கு சாயும் இடமும் வேண்டும். என்னுடையதில் தாங்கின் விளிம்பு பலகையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே நிற்கும். எழுதும் வேகத்தில் மேசை ஆடினால் திரை பின்பக்கமாகச் சாய்ந்து விழும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டச்சு செய்த வகுப்புகள் உண்டு. கீபோர்டோடு சேர்ந்து விறைப்பான கீல் உள்ள மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றின் எடையைக் கேளுங்கள். டேப்லெட் அரைக் கிலோ, கீலுள்ள கீபோர்டு அரைக் கிலோவுக்கு மேல் என்றால் மொத்தம் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. 14 அங்குல இலகு லேப்டாப் 1.3 கிலோவில் கிடைக்கிறது. எடைக்காகத்தான் டேப்லெட் என்று நினைத்திருந்தால் அங்கேயே மறுபடி யோசியுங்கள்.

கடையில் சோதிக்க முடியாத ஒன்று ஃபைல் சமர்ப்பிப்பு. டேப்லெட்டில் பெரிய ஃபைலைப் பதிவேற்றும்போது வேறு ஆப்புக்குத் தாவினால் பதிவேற்றம் பின்னணியில் நின்றுபோகலாம். இரவு 11:59 கெடு உள்ள ஒரு புராஜெக்ட் வீடியோவை ஏற்றிவிட்டு, குழு நண்பர்களுக்குச் 'சமர்ப்பித்தாயிற்று' என்று செய்தி அனுப்பப் போனேன். திரும்பி வந்தபோது பாதியில் நின்றிருந்தது. டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: பதிவேற்றம் முடிந்து உறுதிச் செய்தி வரும் வரை அந்தத் திரையை விட்டு அசையாதீர்கள், திரையும் அணைய விடாதீர்கள்.

## 5. கையால் எழுதும் வேலை எவ்வளவு என்று எண்ணுங்கள்

டேப்லெட்டுக்குச் சேர வேண்டிய புகழைக் கொடுத்தே ஆக வேண்டும். கணிதம், இயற்பியல், கரிம வேதியியல், உடற்கூறியல் போன்ற பாடங்களில் வகுப்பின் வேகத்துக்குக் குறியீடுகளையும் அமைப்பு வரைபடங்களையும் தட்டச்சு செய்ய முடியாது. ஆசிரியர் கொடுத்த பிடிஎஃபின் மேலேயே எழுதுவது, தவறான வரியைச் சுற்றி வளைத்து வேறு இடத்துக்கு நகர்த்துவது, வீட்டுப்பாடத்தை எழுதி முடித்து அப்படியே பிடிஎஃபாக அனுப்புவது இவையெல்லாம் பேனாவுள்ள டேப்லெட்டில் மிக அழகாக நடக்கும். லேப்டாப் வாங்கிய பிறகும் என் கணிதக் குறிப்புகள் எல்லாம் டேப்லெட்டில்தான்.

பேனா வாங்கும்போது ஏமாறாதீர்கள். ரப்பர் முனை வைத்த மலிவுப் பேனா எந்தத் திரையிலும் வேலை செய்யும், ஆனால் விரலுக்கு மாற்று மட்டுமே. உள்ளங்கையைத் திரையில் வைத்தால் அதுவும் கோடாகிவிடும். உங்களுக்கு வேண்டியது அந்த மாடல் டேப்லெட்டுக்கென்றே உள்ள ஆக்டிவ் பேனா. அதை வைத்து எழுதும்போது உள்ளங்கை படுவதைத் திரை கண்டுகொள்ளாது. கடையிலேயே கையைத் திரையில் முழுதாக வைத்து ஐந்து வரி எழுதிப் பாருங்கள்.

ஒரு வாரத்தில் கையால் எழுதும் மணிநேரத்தையும் தட்டச்சு செய்யும் மணிநேரத்தையும் பாடத்திட்டத்தைப் பார்த்து உத்தேசமாக எண்ணுங்கள். கையெழுத்து கணிசமாக அதிகம், இரண்டாம் படியில் மூன்றாவது கட்டம் காலி, தேர்வு உலாவியும் சிக்கல் இல்லை என்றால் டேப்லெட் உங்களுக்குப் பொருத்தம்தான். தயங்காமல் வாங்குங்கள். கையெழுத்தும் அதிகம், மூன்றாவது கட்டத்திலும் பெயர் இருக்கிறது என்றால், முதலில் லேப்டாப், குறிப்புக்கு நோட்டுப் புத்தகம். எழுதிய பக்கத்தைப் போனில் ஸ்கேன் செய்து பிடிஎஃபாக அனுப்பலாம். பேனாவால் எழுதும் வசதியுள்ள தொடுதிரை லேப்டாப்பும் உண்டு, விலைதான் கூடுதல்.

## 6. முழுச் செலவையும் ஒரே தாளில் கூட்டுங்கள்

கடையில் பெரிதாக எழுதியிருக்கும் விலை டேப்லெட்டின் விலை மட்டும். நான் நடுத்தரமான ஒரு புது லேப்டாப்பின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு என் பில்களைக் கூட்டிப் பார்த்தேன். டேப்லெட் 55. கீபோர்டு 15. பேனா 8. திரைக் காப்பும் உறையும் 4. பென்டிரைவும் புரொஜெக்டரும் இணைக்க ஒரு ஹப் 4. ஆபிஸ் சந்தா ஓராண்டுக்கு 8. மொத்தம் 94. பாதி விலையில் முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு வித்தியாசம் வெறும் 6 பங்குதான். அப்புறம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் 40. ஆக 134.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வரிசை இதேதான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் நிரப்பிப் பாருங்கள். கூடவே இன்னொன்று: டேப்லெட்டோடு ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு பெரும்பாலும் அந்த மாடலுக்கு மட்டும் பொருந்தும். டேப்லெட் உடைந்தால் கீபோர்டும் பயனற்றுப் போகும். புளூடூத் கீபோர்டு எதோடும் சேரும், ஆனால் அதைத் தனியாகச் சார்ஜ் செய்ய வேண்டும்.

## 7. லேப்டாப் என்று முடிவானால் எதைப் பார்ப்பது

முதலாண்டுக்கு நினைவகம் 8 ஜிபி குறைந்தபட்சம். நான்கு ஆண்டு ஓட வேண்டும் என்றால் 16 ஜிபி. பல இலகு லேப்டாப்களில் நினைவகத்தைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. அதனால் இதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். சேமிப்புக்கு எஸ்எஸ்டி 512 ஜிபி நிம்மதியானது.

இரண்டு பொறிகள். மலிவான சில விண்டோஸ் லேப்டாப்கள் 'எஸ் மோடில்' வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள ஆப்களை மட்டுமே நிறுவலாம். இதிலிருந்து இலவசமாக வெளியே வரலாம், ஆனால் திரும்ப முடியாது. வெளியே வருவதில் உங்களுக்கு நட்டமும் இல்லை. இன்னொன்று, ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள். பேட்டரி நன்றாக நிற்கும், சாதாரண ஆப்கள் ஓடும். ஆனால் வெளிக்கருவிகளை லேப்டாப்போடு பேச வைக்கும் டிரைவர்கள் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வகத்தில் யூஎஸ்பி வழியாக இணைக்கும் பழைய அளவீட்டுக் கருவிக்கு அப்படி ஒரு டிரைவர் இல்லாமல் போகலாம். ஆய்வக உதவியாளரிடம் கேட்க வேண்டிய பட்டியலில் இதையும் சேருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்கள் என்றால் விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்கும் கருவியா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்து பேட்டரி. விற்பவர் எதிரிலேயே கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

ஓர் அறிக்கை உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அங்கேயே காட்டும். அதைத் திறந்தால் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` என்று இரண்டு எண்கள் இருக்கும். நான் வாங்கியதில் முதலாவது 50,000, இரண்டாவது 36,000. அதாவது புதிதாக இருந்ததில் 72 சதவீதம்தான் மிச்சம். அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன். 60-க்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையையும் கழித்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

## 8. எப்போது வாங்குவது, என்னென்ன ஆவணம் வைத்துக்கொள்வது

வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் கழித்து வாங்குங்கள். அதற்குள் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் என்ன கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு வாரத்தை நோட்டுப் புத்தகமும் நூலகக் கணினியும் சமாளிக்கும். கல்லூரி முதல் வாரத்திலேயே கருவி கட்டாயம் என்று எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் முன்னதாக வாங்குங்கள். அப்போது திருப்பிக் கொடுக்க நீண்ட கால அவகாசம் தரும் கடையாகப் பாருங்கள்.

மாணவர் தள்ளுபடிக்கு அடையாள அட்டையோ சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ கேட்பார்கள். மூன்றையும் ஸ்கேன் செய்து போனில் வைத்திருங்கள். இவை சாஃப்ட்வேருக்கும் வேண்டும். ஆட்டோகேட், ரெவிட் வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகிறது. ஓராண்டுக்குக் கிடைக்கும், தகுதி இருக்கும் வரை புதுப்பிக்கலாம். விண்ணப்பத்தில் உள்ள பெயர் ஆவணத்தில் உள்ள பெயரோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும். என் வகுப்புத் தோழிக்கு இனிஷியல் ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தது. அதைச் சரிசெய்து உரிமம் வாங்க ஒரு வாரம் ஆனது. செய்முறை வகுப்புக்கு முந்தைய நாள் விண்ணப்பிக்காதீர்கள்.

பில்லில் கருவியின் சீரியல் எண் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணோடும் அமைப்புகளில் தெரியும் எண்ணோடும் கடையிலேயே ஒப்பிடுங்கள். கீபோர்டுக்கும் பேனாவுக்கும் வாரண்டி தனியாக, சில சமயம் குறைந்த காலத்துக்கு இருக்கும். அவை பில்லில் தனித்தனி வரியாக வரட்டும், இலவசமாகக் கொடுத்தாலும் கூட. ஆறாவது மாதம் என் கீபோர்டில் ஒரு வரிசை விசைகள் நின்றபோது, பில்லில் அதன் பெயரே இல்லாததால் யாரும் பொறுப்பேற்கவில்லை.

திருப்பிக் கொடுக்கும் கடைசித் தேதியைப் பில்லின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். அந்தத் தேதி வரை பெட்டி, பிளாஸ்டிக் உறை, சின்னக் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய முதல் மூன்று நாளிலேயே இரண்டாம் படியின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் நிறுவி, போன பருவத்து மாணவர் ஒருவரிடம் வாங்கிய நிஜமான வீட்டுப்பாட ஃபைலைத் திறந்து கடைசிப் பொத்தான் வரை அழுத்திப் பாருங்கள். தேர்வு உலாவியின் மாதிரித் தேர்வு இருந்தால் அதையும் எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றால் நான்காம் நாள் காலையிலேயே பெட்டியோடு கடைக்குப் போய்விடுங்கள்.